அசையாத வாட்மீட்டர், இறங்கும் அம்மீட்டர்: பவர் ஃபேக்டர் சோதனையை எப்படிப் படிக்க வேண்டும்

பவர் ஃபேக்டர் திருத்தச் சோதனையை நம்மூர் பாலிடெக்னிக் ஆய்வகங்களில் பெரும்பாலும் ஒரே ஒரு அம்மீட்டரை வைத்துச் செய்கிறார்கள். சோக்கை ஓட்டுகிறோம், கெப்பாசிட்டரை ஒவ்வொன்றாகச் சேர்க்கிறோம், கரண்ட் குறைகிறது, பவர் ஃபேக்டர் ஏறுகிறது. எழுதிக்கொண்டு போய்விடுகிறோம். ஆனால் அந்த ஒற்றை அம்மீட்டரைப் பார்த்த மாணவரிடம் "சோக்கில் ஓடும் கரண்ட் குறைந்ததா?" என்று கேட்டால், "ஆமாம், குறைந்தது" என்றுதான் சொல்வார். அது தவறான பதில். சோதனை சரியாக நடந்தும் தவறான கருத்து மனதில் பதிந்துவிட்டது.

அதனால் இந்தச் சோதனைக்கு மூன்று அம்மீட்டர்கள் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒன்று சப்ளையிலிருந்து வரும் மெயின் லைனில். இன்னொன்று சோக் இருக்கும் கிளையில். மூன்றாவது கெப்பாசிட்டர் பேங்க் இருக்கும் கிளையில். மெயின் லைனில் ஒரு வாட்மீட்டர், சோக் கிளை முழுவதற்கும் குறுக்கே ஒரு வோல்ட்மீட்டர். சப்ளை ஒரு ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் வழியாக வரட்டும், அதாவது நாம் வேரியாக் என்று சொல்வது. இது ஏன் தேவை என்பது பின்னால் வரும்.

லோடாக இரும்பு உள்ளகம் கொண்ட ஒரு சோக்கையும், அதோடு தொடராக ஒரு ரியோஸ்டாட்டையும் எடுத்துக்கொள்வோம். ரியோஸ்டாட்டை நகர்த்தி, 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் லோடு 5 ஆம்பியர் எடுக்கும்படி வைக்கிறோம். வாட்மீட்டர் 460 வாட் காட்டுகிறது என்று கொள்வோம். சோக்கின் செம்புச் சுருள் சூடாகும்போது அதன் ரெசிஸ்டன்ஸ் ஏறும், கரண்ட் மெல்ல நகரும். ஆகவே கொஞ்ச நேரம் ஓடவிட்டு, முள் நிலைத்த பிறகுதான் முதல் அளவை எடுக்க வேண்டும்.

வாட்மீட்டரைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. பவர் ஃபேக்டர் குறைவான லோடு என்றதும் லோ பவர் ஃபேக்டர் வாட்மீட்டரைத்தான் பலர் தேடுவார்கள். 300 வோல்ட், 5 ஆம்பியர், 0.2 பவர் ஃபேக்டர் என்று குறிக்கப்பட்ட மீட்டரின் முழு அளவே 300 வாட்தான். நம் லோடு 460 வாட், முள் ஓரத்தில் போய் முட்டிவிடும். அதே 300 வோல்ட், 5 ஆம்பியரில் சாதாரண யூனிட்டி பவர் ஃபேக்டர் மீட்டரின் முழு அளவு 1500 வாட். அதில் 460 ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் நிற்கும், படிக்கலாம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முள் மூன்றில் ஒரு பங்கில் நின்றாலும் அதன் கரண்ட் சுருளில் ஓடுவது முழு 5 ஆம்பியர். முள் தாழ்வாக இருக்கிறதே என்று லோடை ஏற்றினால் சுருள் சூடாகிக் கெட்டுப்போகும். முள் காட்டுவது வாட்டை மட்டும்தான், சுருள் தாங்குவது ஆம்பியரை.

இப்போது கணக்கு. 230-ஐ 5-ஆல் பெருக்கினால் 1150 வோல்ட்-ஆம்பியர். 460-ஐ 1150-ஆல் வகுத்தால் பவர் ஃபேக்டர் 0.40. அந்த 5 ஆம்பியரை இரண்டு பகுதிகளாகப் பார்க்கலாம். 460 வாட் வேலையைச் செய்ய 230 வோல்ட்டில் 2 ஆம்பியர் போதும். மீதி, காந்தப்புலத்துக்காக வந்து போகும் கரண்ட், 4.58 ஆம்பியர். இரண்டும் செங்கோணத்தில் நிற்பதால் 2-ஐயும் 4.58-ஐயும் கூட்டினால் 6.58 வராது. வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 5 வரும்.

அந்த 4.58 ஆம்பியர் என்ன செய்கிறது? ஒரு சுற்றின் கால் பகுதியில், அதாவது 5 மில்லி வினாடியில், சப்ளையிடமிருந்து ஆற்றலை வாங்கிக் காந்தப்புலத்தில் வைக்கிறது. அடுத்த 5 மில்லி வினாடியில் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. கெப்பாசிட்டரும் இதையே செய்கிறது, ஆனால் நேர்மாறான நேரத்தில். சோக் வாங்கும்போது கெப்பாசிட்டர் கொடுக்கிறது, சோக் கொடுக்கும்போது கெப்பாசிட்டர் வாங்குகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் இணைத்துவிட்டால் இந்தக் கொடுக்கல் வாங்கல் அவற்றுக்குள்ளேயே முடிந்துவிடும். மின்நிலையத்திலிருந்து சோக் வரை இருக்கும் கம்பிகள் அந்த ஆற்றலைச் சுமந்து திரிய வேண்டியதில்லை. சோக்குக்கு வேண்டிய 5 ஆம்பியர் அப்படியே இருக்கும். அதில் ஒரு பகுதி வரும் இடம்தான் மாறுகிறது.

சரி, கெப்பாசிட்டரைச் சேர்ப்போம். தலா 10 மைக்ரோஃபாரட் கொண்ட எட்டு கெப்பாசிட்டர்கள், ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்விட்ச். 440 வோல்ட் ஏ.சி. என்று அச்சிட்ட மோட்டார் ரன் கெப்பாசிட்டர்கள் இதற்கு ஏற்றவை. மோட்டார் ஸ்டார்ட் கெப்பாசிட்டர் கூடவே கூடாது. அது சில வினாடிகளுக்கு மட்டும் உழைக்கச் செய்யப்பட்ட எலக்ட்ரோலிடிக் வகை, தொடர்ந்து ஓட்டினால் சூடாகி வெடிக்கலாம். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் 10 மைக்ரோஃபாரட் எடுக்கும் கரண்ட் 0.72 ஆம்பியர். சப்ளை சுத்தமான சைன் அலையாக இருந்து, மின்னழுத்தமும் அசையாமல் நின்றால் கணக்கு இப்படி வரும்:

| கெப்பாசிட்டர் (மைக்ரோஃபாரட்) | கெப்பாசிட்டர் கிளை (ஆம்பியர்) | சோக் கிளை (ஆம்பியர்) | மெயின் லைன் (ஆம்பியர்) | பவர் ஃபேக்டர் |
|---|---|---|---|---|
| 0 | 0 | 5.00 | 5.00 | 0.40 |
| 20 | 1.45 | 5.00 | 3.72 | 0.54 |
| 40 | 2.89 | 5.00 | 2.62 | 0.76 |
| 50 | 3.61 | 5.00 | 2.22 | 0.90 |
| 60 | 4.34 | 5.00 | 2.02 | 0.99 |
| 70 | 5.06 | 5.00 | 2.06 | 0.97 |
| 80 | 5.78 | 5.00 | 2.33 | 0.86 |

40 மைக்ரோஃபாரட் வரிசையில் மாணவர்களைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைப்பது நல்லது. ஒரு கிளையில் 5 ஆம்பியர், இன்னொரு கிளையில் 2.89 ஆம்பியர். இரண்டும் சேர்ந்து மெயினிலிருந்து எடுப்பதோ 2.62 ஆம்பியர், இரண்டு கிளைகளில் எதையும்விடக் குறைவு. டி.சி. சர்க்யூட் மட்டுமே படித்து வந்தவருக்கு மீட்டர் கெட்டுவிட்டதோ என்று தோன்றும். கிர்க்காஃப் விதி எங்கும் உடையவில்லை. ஒவ்வொரு கணத்திலும் கூட்டல் சரியாகத்தான் இருக்கிறது. மீட்டர் காட்டுவது அளவை மட்டுமே, திசையை அல்ல. ஒரு கிளையில் கரண்ட் வரும்போது இன்னொன்றில் அதன் பெரும்பகுதி போகிறது.

இந்த மூன்று அளவுகளிலிருந்து வாட்மீட்டரையே சரிபார்க்கலாம் என்பது பலரும் கவனிக்காத ஒன்று. சோக் கரண்ட் I_L, கெப்பாசிட்டர் கரண்ட் I_C, மெயின் கரண்ட் I_S என்றால்:

```
sin φ = (I_L² + I_C² − I_S²) / (2 · I_L · I_C)
```

25-உம் 8.35-உம் கூட்டி 6.86-ஐக் கழித்தால் 26.49. அதை 28.9-ஆல் வகுத்தால் 0.917. சைன் 0.917 என்றால் கொசைன் 0.40. வாட்மீட்டர் சொன்ன அதே எண் மூன்று அம்மீட்டர்களிலிருந்து மட்டுமே வந்துவிட்டது. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால், வாட்மீட்டரின் பெருக்கு எண்ணைத் தவறாக எடுத்திருக்கிறோமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இப்போது வாட்மீட்டருக்கு வருவோம். கெப்பாசிட்டர்களை எத்தனை சேர்த்தாலும் அது 460-லேயே நிற்க வேண்டும். நடைமுறையில் லேசாக ஏறும். அப்போது வோல்ட்மீட்டரைப் பாருங்கள், 230 என்பது 233 ஆகியிருக்கும். மெயின் கரண்ட் குறைந்ததால் வேரியாக்கிலும் வயரிங்கிலும் இழந்த வோல்ட் குறைந்துவிட்டது, லோடுக்குக் கூடுதல் வோல்ட் கிடைக்கிறது. 3 வோல்ட் ஏறினால் வாட் 472 வரை போகும், ஏனென்றால் திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு மாறுகிறது. ஒவ்வொரு கெப்பாசிட்டரைச் சேர்த்த பின்னும் வேரியாக்கைத் திருப்பி 230-க்குக் கொண்டு வந்து, அதன் பிறகு அளவெடுக்க வேண்டும். அப்படிச் செய்யாத ஆய்வகக் குறிப்பேடுகளில் "கெப்பாசிட்டரால் திறன் அதிகரித்தது" என்ற விசித்திரமான முடிவைப் பார்க்க முடியும்.

வாட்மீட்டர் அசையவில்லை என்றால் மிச்சம் எங்கே? இதைக் காட்ட மெயின் லைனில், வாட்மீட்டருக்குப் பின்னால், 1 ஓம் மதிப்புள்ள ஒரு பெரிய வயர்வவுண்ட் ரெசிஸ்டரைச் சேர்க்கலாம், 50 வாட் தாங்கக்கூடியது. இதுதான் நம் "தெருக் கம்பி". கெப்பாசிட்டர் இல்லாதபோது 5 ஆம்பியர் ஓடி அதில் 25 வாட் வெப்பமாகிறது. 50 மைக்ரோஃபாரட் சேர்த்ததும் 2.22 ஆம்பியர், வெப்பம் 5 வாட்டுக்கும் சற்றுக் கீழே. ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது. வாட்மீட்டர் 485-லிருந்து 465-க்கு இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். அதே வாட்மீட்டரை ரெசிஸ்டருக்கு அந்தப் பக்கம், சோக்கை ஒட்டி மாற்றி வைத்தால் மறுபடியும் 460-இல் அசையாமல் நிற்கும். மிச்சம் முழுவதும் கம்பியில்தான், லோடில் இல்லை.

வீட்டு பிளக்கில் செருகினால் மின்கட்டணம் பாதியாகும் என்று விற்கும் பெட்டிகளுக்கு இந்தச் சோதனையே பதில். அவற்றில் பலவற்றைத் திறந்தால் உள்ளே ஒரு சிறு கெப்பாசிட்டரும் ஒரு எல்.ஈ.டி. விளக்கும்தான் இருக்கும். வீட்டு மீட்டர் கட்டணத்துக்குப் பதிவு செய்வது கிலோவாட்-மணியை. அந்தப் பெட்டி மெயின் அம்மீட்டரை இறக்கிக் காட்டும், வாட்டைத் தொடாது. மீட்டருக்குப் பின்னால் வீட்டு வயரிங்கில் குறையும் வெப்பமும் கணக்கில் எடுக்கும் அளவுக்கு இருக்காது. தமிழ்நாட்டின் உயர் அழுத்த இணைப்பு பெற்ற ஆலையின் கதை வேறு. அங்கே டிமாண்ட் கட்டணம் கே.வி.ஏ. கணக்கில் வருகிறது, பவர் ஃபேக்டர் 0.90-க்குக் கீழே போனால் கூடுதல் தொகையும் கட்ட வேண்டும். மெயின் அம்மீட்டர் இறங்குவதே அங்கே பணம்.

அட்டவணையில் மெயின் கரண்டின் இறக்கம் ஒரே சீராக இல்லை என்பதையும் பாருங்கள். முதல் 20 மைக்ரோஃபாரட் 1.28 ஆம்பியரைக் குறைத்தது. 40-லிருந்து 60-க்குப் போகும் அடுத்த 20 குறைத்தது 0.60 மட்டும். 50-லிருந்து 60-க்கு வெறும் 0.20. தேவையான கெப்பாசிட்டரைக் கணக்கிட ஒரு வாய்பாடு போதும், இங்கே Q என்பது ஈடுகட்ட வேண்டிய ரியாக்டிவ் பவர்:

```
C = Q / (2 · π · f · V²)
```

நம் லோடு எடுப்பது 1054 வார். 0.90-க்குக் கொண்டு வர அதில் 831 வாரை ஈடுகட்ட வேண்டும், அதற்கு 50 மைக்ரோஃபாரட். முழுவதும் ஈடுகட்டி 1-க்குக் கொண்டு வர 63.4 மைக்ரோஃபாரட். கடைசி 13.4 மைக்ரோஃபாரட் கொடுக்கும் பலன் 0.22 ஆம்பியர். அதே 13.4-ஐ முதலில் சேர்த்திருந்தால் 0.87 ஆம்பியர் குறைந்திருக்கும். 1 என்ற எண்ணைத் துரத்துவதில் பெரிய இலாபம் இல்லை என்பதை இந்த ஒப்பீடு தெளிவாகச் சொல்கிறது.

அதைத் தாண்டினால் என்ன ஆகும்? கரண்ட் ஏறத் தொடங்குகிறது. 80 மைக்ரோஃபாரடில் மெயின் 2.33 ஆம்பியர், பவர் ஃபேக்டர் 0.86. ஆனால் ஏறத்தாழ 47 மைக்ரோஃபாரடிலும் இதே 2.33, இதே 0.86 வரும். வாட்டையும் வோல்ட்-ஆம்பியரையும் வகுத்துப் பார்க்கும் மாணவருக்கு லேகிங்கா லீடிங்கா என்று சொல்ல வழியே இல்லை. மலிவான டிஜிட்டல் மீட்டர்கள் பலவும் இதைச் சொல்லாது. கண்டுபிடிக்க எளிய வழி, இன்னொரு சிறு கெப்பாசிட்டரைச் சேர்த்துப் பார்ப்பதுதான். மெயின் அம்மீட்டர் இறங்கினால் இன்னும் லேகிங், ஏறினால் லீடிங் பக்கம் வந்துவிட்டோம். உச்சத்துக்குப் பக்கத்தில் பெரிய படியாகச் சேர்த்தால் ஒரேயடியாக அந்தப் பக்கம் தாவிவிடும், அதனால்தான் சிறு கெப்பாசிட்டர் என்கிறேன்.

இந்த இடத்தில் ஒன்றைக் கட்டாயம் செய்து காட்ட வேண்டும். 60 மைக்ரோஃபாரட் இணைப்பில் இருக்கும்போது சோக்கின் ஸ்விட்சை மட்டும் அணையுங்கள். லோடு போய்விட்டது, வாட்மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம். மெயின் அம்மீட்டரோ 2-லிருந்து 4.34-க்குத் தாவும். இரவில் மோட்டார்கள் நின்ற பிறகும் நிலையான கெப்பாசிட்டர்களை இணைப்பிலேயே விட்டுவைத்த ஆலையில் நடப்பது இதுதான். கம்பியில் வெப்பம் மறுபடி ஏறுகிறது, மின்னழுத்தமும் தேவைக்கு மேல் உயர்கிறது.

உண்மையான ஆய்வகத்தில் அட்டவணையின் 0.99 கிடைக்காமல் 0.94-இலேயே நின்றுவிடுவது உண்டு. பலர் கெப்பாசிட்டர் பழசு என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அதைச் சோதிப்பது எளிது. ஒவ்வொன்றையும் தனியாகப் போட்டு 0.72 ஆம்பியர் வருகிறதா என்று பார்த்தால் போதும். 0.60 வந்தால் அது 8.3 மைக்ரோஃபாரட் ஆகத் தேய்ந்துவிட்டது. ஆனால் எல்லாம் சரியாக இருந்தும், படியைச் சிறிதாக்கிப் பார்த்தும் 0.94-ஐத் தாண்டவில்லை என்றால் காரணம் சப்ளையில் இருக்கலாம். கல்லூரி முழுவதும் கம்ப்யூட்டரும் எல்.ஈ.டி. விளக்கும் ஓடும்போது மின்னழுத்த அலை சுத்தமான சைனாக இருக்காது. அதில் 250 ஹெர்ட்ஸ், அதாவது ஐந்தாம் ஹார்மோனிக், 3 சதவீதம் இருக்கிறது என்று வைப்போம். அதிர்வெண் ஐந்து மடங்கானால் கெப்பாசிட்டர் ஐந்து மடங்கு எளிதாகக் கரண்டை விடும். ஆகவே கெப்பாசிட்டர் கரண்டில் 15 சதவீதம், 60 மைக்ரோஃபாரடில் 0.65 ஆம்பியர், அந்த அதிர்வெண்ணில் ஓடும். சோக்கால் இதை ஈடுகட்ட முடியாது, 250 ஹெர்ட்ஸில் அதன் எதிர்ப்பு ஐந்து மடங்கு கூடிவிட்டது.

இது எங்கே தெரிகிறது என்பதுதான் முக்கியம். கெப்பாசிட்டர் கிளையில் 4.34 என்பது 4.38 ஆகும், யாரும் கவனிக்க மாட்டார்கள். மெயினிலோ அடிப்படைக் கரண்ட் ஏறக்குறைய ரத்தாகி 2.02 ஆகிவிட்டதால் 0.65 மறைய இடமில்லை. மெயின் 2.12 ஆகிறது, பவர் ஃபேக்டர் 0.94. இன்னும் கெப்பாசிட்டர் சேர்த்தால் ஹார்மோனிக் கரண்டும் சேர்ந்து வளரும். ஓசிலாஸ்கோப் இருந்தால் மெயின் கரண்டின் அலையைப் பாருங்கள், பவர் ஃபேக்டர் உச்சத்தை நெருங்கும்போது அலை கரடுமுரடாக மாறுவது தெரியும். எல்.ஈ.டி. விளக்குகளையே லோடாக வைத்துச் சோதித்தால் பவர் ஃபேக்டர் 0.5-ஐ ஒட்டி இருந்தாலும் கெப்பாசிட்டர் பெரிதாக உதவாததும் இதனால்தான். அங்கே குறை கரண்டின் வடிவத்தில், அதன் நேரத்தில் இல்லை.

கையை வைக்கும் முன் கெப்பாசிட்டரை வெளியேற்றுவது பற்றிச் சொல்லாமல் போகக்கூடாது. 230 வோல்ட்டின் உச்சம் 325 வோல்ட். ஸ்விட்சை அந்தக் கணத்தில் அணைத்தால் 80 மைக்ரோஃபாரடில் 4 ஜூலுக்கு மேல் தங்கியிருக்கும், கையைத் தூக்கி எறியப் போதுமானது. ஒவ்வொரு 10 மைக்ரோஃபாரடுக்கும் குறுக்கே 470 கிலோ ஓம் ரெசிஸ்டர் நிரந்தரமாக இருந்தால் 50 வோல்ட்டுக்கு இறங்க 9 வினாடி போதும். அந்த ரெசிஸ்டர் ஸ்விட்சுக்குக் கெப்பாசிட்டர் பக்கம் இருக்க வேண்டும். சப்ளை பக்கம் வைத்தால் அணைத்த கெப்பாசிட்டருக்கு அது எந்த உதவியும் செய்யாது. அணைத்த உடனே மறுபடி போடுவதையும் தவிர்க்க வேண்டும். எதிர் முனையில் சார்ஜ் நிற்கும் கெப்பாசிட்டர் சப்ளையோடு மோதும்போது ஸ்விட்ச் முனைகள் தீப்பொறி தட்டி உருகும், அம்மீட்டர் முள்ளும் உதை வாங்கும்.

மூன்று அம்மீட்டர்களோடு செய்த மாணவர், ஆலையில் தானியங்கி பவர் ஃபேக்டர் பேனலைப் பார்க்கும்போது ஒரு பிழையை உடனே பிடித்துவிடுவார். அந்தப் பேனலின் ரிலே, கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றின் வழியே கரண்டைப் பார்த்துக் கெப்பாசிட்டர் படிகளைச் சேர்க்கிறது. அந்த டிரான்ஸ்ஃபார்மர் மெயின் கேபிளில், லோடும் கெப்பாசிட்டர் பேங்கும் பிரியும் இடத்துக்கு முன்னால் இருக்க வேண்டும். லோடு கிளையில் மட்டும் மாட்டிவிட்டால் அது நம் சோக் கிளையின் அம்மீட்டர் போல எப்போதும் 5 ஆம்பியரையே பார்க்கும். ரிலே ஒரு படியைச் சேர்க்கும், திரையில் எண் மாறாது, இன்னொன்றைச் சேர்க்கும், அப்போதும் மாறாது. கடைசிப் படி வரை எல்லாம் உள்ளே போய்விடும், திரையில் 0.40 அப்படியே நிற்கும், மின்வாரிய மீட்டரோ லீடிங் காட்டிக்கொண்டிருக்கும்.